டிக்... டிக்... டிக்!

"தீசிஸ் எங்கேப்பா?" என்று கைடு கேட்டால் "கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு சார்" என்று சொல்லும் ஜாதி நான். 2014 ஆகஸ்ட் வரை.

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கிற நீர்க்கட்டிகளைப் பற்றி என் ஆராய்ச்சி. நாலு வருஷ அலைச்சல். 23 பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தேன். அதில் எண்பத்து சொச்சம் வயசுத் தாத்தா ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூணு மணி நேரம் பேசினார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று எழுத்தில் எங்குமே இல்லாத கணக்கெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது.

போனில் இடம் இல்லை. பதிவுகளை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு போனில் இருந்ததை அழித்தேன். கவனியுங்கள், காப்பி எடுக்கவில்லை, இடம் மாற்றினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நான் ஒன்றும் அசடன் இல்லை, பேக்கப் வைத்திருந்தேன். சி டிரைவில் thesis_final3.docx. அதற்கு ஒரு காப்பி டி டிரைவில். 'ரெண்டு இடத்துல இருக்கு' என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் நடுவில் தடுப்பு போட்ட இரண்டு அறைகள்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீடே இடிந்தால் ஹாலில் இருந்தால் என்ன, அடுப்படியில் இருந்தால் என்ன?

வீடு இடிவதற்கு முன்னால் சத்தம் கேட்டது. ஃபைல் திறக்க அரை நிமிஷம் ஆனது. அப்புறம் இரண்டு நிமிஷம். உள்ளேயிருந்து சுவர்க்கடிகாரம் மாதிரி டிக், டிக். ரூம்மேட்டிடம் காட்டினேன்.

"வைரஸ்டா மாப்ள, ஃபார்மட் போட்டுரு."

"தீசிஸ் முடியட்டும்டா."

மூன்றாம் நாள் ராத்திரி, சமர்ப்பிக்க இன்னும் 19 நாள் இருக்கும்போது, திரை கறுத்தது. திரும்பப் போட்டால் டிக், டிக், டிக். அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு நாளில் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் எதையும் செய்யாதீர்கள். முதலில் லேப்டாப்பை நாலு தட்டு தட்டினேன். அப்புறம் இருபது தடவை ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஒரு நண்பன் சொன்னானென்று டிஸ்க்கைக் கழற்றி, பாலிதீன் பையில் சுற்றி, ஹாஸ்டல் மெஸ் ஃப்ரீஸரில் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். கடைசியாக இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபைல் மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன்.

பிறகுதான் சென்னையில் டேட்டா மீட்கும் ஆள் ஒருவரிடம் போனேன். அவர் சத்தத்தை ஐந்து விநாடி கேட்டார். உடனே கரண்டைப் பிடுங்கினார்.

"எத்தனை தடவை ஆன் பண்ணீங்க தம்பி?"

சொன்னேன். டாக்டர் உதட்டைப் பிதுக்குவது மாதிரி பிதுக்கினார். பேப்பரில் படம் போட்டு விளக்கினார். டிஸ்க்குக்குள் கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு, நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. படிக்கும் முனை அதைத் தொடுவதில்லை. தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. முனை கெட்டுப்போனால் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. தேடும், கிடைக்காது, பின்வாங்கும், மறுபடி தேடும். அந்தப் போக்குவரத்துதான் டிக் டிக். அந்த நிலையில் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கெட்ட முனை தட்டை உரசலாம். உரசிய இடத்தில் காந்தப் பூச்சு தூளாகப் போகும். அந்தத் தூளில்தான் நம்ம எழுத்து இருக்கிறது.

"சாஃப்ட்வேர் தப்பா சார்?"

"தப்பு சாஃப்ட்வேர்ல இல்ல. கைதவறி ஃபைலை அழிச்சுட்டீங்க, டிஸ்க் நல்லா இருக்குன்னா அது உதவும். எலும்பு முறிஞ்சவனை ஓடவிட்டா என்ன ஆகும்? சத்தம் வந்தா ஒரே வைத்தியம், ஆஃப் பண்ணிட்டு கையைக் கட்டிக்கறது."

ஃப்ரீஸர்? உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான் பலன் என்றார். தூசியில்லாத அறையில் திறந்து, அதே மாடல் டிஸ்க்கிலிருந்து வேறு முனை எடுத்து மாட்டிப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. தட்டில் வட்டமாகக் கீறல். கல்யாண போட்டோ சில மீண்டன, அதுவும் அக்காவுடையது. தீசிஸ் இல்லை. பதிவுகளும் இல்லை.

முதல் மூன்று அத்தியாயம் கைடுக்கு அனுப்பிய மெயிலில் இருந்தது. நான்காவதை அவர் சிவப்பு மையால் குதறியிருந்த பிரிண்ட்டைப் பார்த்து டைப் செய்தேன். அவர் திட்டியெழுதிய ஒவ்வொரு வரியும் அன்றைக்கு அமிர்தமாக இருந்தது. ஆறு மாதம் கெடு நீட்டித்துக் கிடைத்தது. மறுபடி ஊர் ஊராகப் போனேன். வேப்பமரம் இருந்தது, தாத்தா இல்லை. ஆடியில் போய்விட்டார் என்றார்கள்.

"அவர் சொன்னது நினைவிருக்கு, எழுதட்டுமா சார்?" என்றேன் கைடிடம்.

"நினைவு ஆதாரம் ஆகாதுப்பா" என்றார், மெதுவாக.

23 பேர் 14 பேர் ஆனார்கள். பட்டம் கிடைத்தது. தாத்தாவின் நாழிகைக் கணக்கு அதில் இல்லை.

இப்போது என் பழக்கம் இது. எதுவாக இருந்தாலும் மூன்று பிரதி. அவை இரண்டு விதமான சாதனத்தில். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர் பிரபலமாக்கிய கணக்கு. லேப்டாப்பில் ஒன்று. ஞாயிறு காலை காபிக்கு முன்னால் வெளி டிஸ்க்கில் ஒன்று. காப்பி ஆனதும் அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவேன். மாட்டியே வைத்திருந்தால் இடியும் வைரஸும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். மூன்றாவது இணையத்தில். அதை மட்டும் நம்பக்கூடாது. தானாக ஒத்துப்போகும் வகை என்றால், நீங்கள் இங்கே தவறுதலாக அழித்ததை அது விசுவாசமாக அங்கேயும் அழிக்கும். பழைய பிரதிகளை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் முதல் தேதி, பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பேன். ஒருமுறை திறக்கவில்லை; நாலு மாதமாக நான் காப்பி செய்தது வெறும் ஷார்ட்கட்! திறந்து பார்க்காத பேக்கப் பிரார்த்தனை மாதிரி. பலிக்கலாம்.

டிக் சத்தத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இன்றைய எஸ்.எஸ்.டி.களில் சுற்றும் தட்டே இல்லை, சத்தம் போடாமலே போய்விடும். டிஸ்க் தன் உடம்பைப் பற்றி எழுதி வைக்கும் குறிப்பைப் படிக்க சாஃப்ட்வேர் உண்டுதான். ஆனால் கூகுள் 2007-ல் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, செத்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் குறிப்பில் எதுவுமே காட்டாமல் போயிருந்தன.

தாத்தா சொன்னதில் ஒன்று மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. இவ்வளவு பெரிய கண்மாய்க்கு ஒரு மடை போதாதா என்று கேட்டிருந்தேன்.

"ஒத்த மடைய நம்பி எவன்டா பேராண்டி வெள்ளாமை வைப்பான்?" என்றார்.

அதையும் பதிவு செய்துதான் வைத்திருந்தேன். ஒரே டிஸ்க்கில்.