விளையாட்டு முற்றம்: பந்து அதிகம் வைத்திருந்தால் நல்ல ஆட்டமா?



சென்ற கோடையில் ஸ்காபரோவில் ஒரு பூங்காத் திடலில் சிறுவர் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தகப்பன் ஒருவர் கையில் ஒரு தாளுடன் கவலையோடு சொன்னார்: "அண்ணை, என்ரை மகன் குடுத்த பாஸ் அறுபது வீதந்தான் சரியாம். மற்றப் பொடியனுக்குத் தொண்ணூறு. இவனை இனி வெளியிலை இருத்தப் போகினமாம்."

அன்று விழுந்த இரண்டு கோல்களும் அந்தப் பையன் கொடுத்த பந்துகளில் விழுந்தவை. அவன் 20 பாஸ் கொடுத்து 12 சரியாகப் போயின. தவறிய எட்டும் எதிரணிக் கோலுக்குக் கிட்டக் கொடுத்துப் பார்த்தவை. மற்றப் பையன் 30 கொடுத்து 27 சரி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பக்கத்தில் நின்றவனுக்கும் பின்னால் நின்றவனுக்கும் போனவை. கணக்கு எல்லாப் பாஸையும் ஒன்றென்றே எண்ணுகிறது. எங்கே கொடுத்தான், கொடுத்ததால் என்ன நடந்தது என்று அது கேட்பதில்லை.

தொலைக்காட்சியில் வரும் "பந்து யாரிடம் இருந்தது" என்ற சதவீதமும் இப்படித்தான். இது கடிகாரம் வைத்து அளந்தது என்றே பலர் நினைக்கிறோம். ஆனால் ஆட்டப் புள்ளிவிபரம் தொகுக்கும் ஒப்டா நிறுவனம் அதைப் பாஸ்களின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டு வந்திருக்கிறது. அப்படியானால் இவை இரண்டு சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சி இரண்டு தரம் பேசுகிறது.

2022 டிசம்பர் 1ஆம் திகதியை எடுத்துக்கொள்வோம். கட்டாரில் நடந்த உலகக் கிண்ணத்தில் அன்று ரொறன்ரோ நேரம் பகல் இரண்டு மணிக்கு ஜப்பானும் ஸ்பெயினும் மோதின. ஸ்பெயின் 1,058 பாஸ், ஜப்பான் 228 பாஸ். இரண்டையும் கூட்டினால் 1,286. அதில் ஜப்பானின் பங்கு 17.7 சதவீதம். தாளை மட்டும் பார்ப்பவர் ஸ்பெயின் ஜப்பானை நசுக்கிவிட்டது என்பார். வென்றதோ ஜப்பான், 2க்கு 1.

முதற்பாதியில் மொறாட்டாவின் கோலால் ஸ்பெயின் முன்னணியில் நின்றது. இடைவேளைக்குப் பின் ஜப்பான் டோவானையும் மிட்டோமாவையும் இறக்கியது. உடனே முன்னேறி ஸ்பெயின் கோல் காப்பாளரையே நெருக்கினார்கள். அவர் அவசரத்தில் ஓரத்துக்குக் கொடுத்த பந்தை இட்டோ தலையால் வென்றார். டோவான் அடித்தார், 48ஆவது நிமிடத்தில் கோல். 51ஆவது நிமிடத்தில், மிட்டோமா எல்லைக்கோட்டிலிருந்து திருப்பிவிட்ட பந்தை டனாக்கா உள்ளே தள்ளினார்.

அதன்பின் ஜப்பான் பின்வாங்கித் தன் கோலைக் காத்தது. முன்னணியில் நிற்கும் அணி இப்படிப் பந்தை விட்டுக்கொடுப்பது வழக்கம். ஆளில்லாத நடுத்திடலில் பந்தைச் சுற்றி அனுப்புவது எவருக்கும் சுலபம். பாஸ் சதவீதமும் தானாக ஏறும். ஆக, தோற்றுக்கொண்டிருப்பதே பந்து அதிகம் கிடைப்பதற்குக் காரணமாகிவிடலாம்.

அன்று காலை பத்து மணிக்கு எங்கள் கனடாவும் மொறோக்கோவிடம் 2க்கு 1 தோற்றது. நாலாவது நிமிடத்தில் பின்னால் கொடுத்த ஒரு பந்து நெருக்கடியாகி, கோல் காப்பாளர் முன்னே ஓடிவந்து அடித்தது நேரே சியெக்கின் காலுக்குப் போனது. அவர் தூரத்திலிருந்தே பந்தைத் தூக்கிவிட்டார், கோல். சதவீதக் கணக்கில் அது ஒரு சின்னத் தவறு. ஆட்டத்திலோ ஒரு கோல்.

இதற்காகப் பந்தை வைத்திருப்பதால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. 2010இல் ஸ்பெயின் உலகக் கிண்ணத்தை வென்றது அந்த முறையால்தான். கோலை நோக்கி அடித்த பந்துகளின் கணக்கும் முடிந்த முடிவல்ல. 2016இல் இங்கே ரொறன்ரோவில் நடந்த எம்.எல்.எஸ். இறுதியாட்டத்தில், 120 நிமிடமும் சியாற்றில் அணி கோலுக்குள் போகக்கூடிய ஒரு பந்தையும் அடிக்கவில்லை. ஆனாலும் தண்ட உதைகளில் ரொறன்ரோ எவ்.சி.யை வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது.

ஆகவே சதவீதத்தைப் பார்க்கும்போது மூன்றைக் கேளுங்கள். பந்து திடலின் எந்தப் பகுதியில் இருந்தது? அந்நேரம் யார் முன்னணியில் நின்றார்கள்? அதனால் எத்தனை தரம் எதிரணியின் தண்டனைப் பெட்டிக்குள் பந்து போனது?

அந்தத் தகப்பனுக்கும் இதையே சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் ஒரு பென்சிலோடு நின்று, மகனின் காலிலிருந்து பந்து பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு தரமும் ஒரு கோடு போடுங்கள். அந்தத் தாளையும் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அறுபது வீதத்துக்குப் பயந்து பையன் பின்னுக்கே பந்து கொடுக்கப் பழகிவிட்டால், சதவீதம் கூடும். கோல் விழாது.