உழைப்பைச் சொன்ன விளம்பரம்



சென்ற வாரம் கண்ணில் பட்ட ஒரு குரூப் 2 பயிற்சி மைய விளம்பரத்தில் ‘ரேங்க் நிச்சயம்’ என்ற வரியே இல்லை. வாரம் ஒரு மாதிரித் தேர்வு, திருத்திய விடைத்தாள், மீதி உங்கள் உழைப்பு என்றிருந்தது.

ஆனால், குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்களின் படத்தைப் போடும் சில மையங்கள், அவர்கள் மாதிரி நேர்முகத்துக்கு மட்டுமே வந்ததை மறைக்கின்றன. முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளை அவர்கள் அங்கே படிக்காமலே கடந்திருப்பார்கள்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024 நவம்பர் நெறிமுறைகள், தேர்ச்சி உத்தரவாதத்தைத் தடுக்கின்றன. படத்துடன் வென்றவர் சேர்ந்த வகுப்பு, அதன் கால அளவு, கட்டணம் கட்டிப் படித்தாரா என்பதையும் வெளியிடச் சொல்கின்றன. பணம் கட்டுமுன் பெற்றோர் அந்த விவரத்தைத் தேடட்டும்.

– வாசகர், மதுரை