உலகச் சந்தையில் விலை ஏறவில்லை. உஸ்மான் ரோட்டில் பவுன் ஏறியது எப்படி?

சென்னை, தி.நகர் உஸ்மான் ரோட்டில் நகை வாங்க வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "உலகச் சந்தையில் தங்கம் ஏறலைங்கிறாங்க. இங்கே மட்டும் ஏன் சார் ஏத்துறீங்க?"

கடைக்காரர் மீது பழி போடுமுன் 2018-ம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம்.

அந்த ஆண்டு தொடக்கத்தில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 1,300 டாலர். ஆண்டு முடிவில் சுமார் 1,280 டாலர். அதாவது ஏறவில்லை, லேசாக இறங்கியது. ஆனால் சுமார் 64 ரூபாயாக இருந்த டாலர் 70 ரூபாயை எட்டிவிட்டது.

டாலர் செய்த வேலை

கோலார் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. நம் தேவைக்கான தங்கத்தில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதற்கு டாலரில் பணம் கட்ட வேண்டும். டாலர் வாங்க ரூபாய் வேண்டும்.

ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம். ஆண்டு தொடக்கக் கணக்கில் சுத்தத் தங்கம் கிராம் 2,675 ரூபாய். அப்போதிருந்த இறக்குமதி வரி 10 சதவீதம் சேர்த்து, 22 காரட்டுக்குக் குறைத்து, 8 கிராமால் பெருக்கினால் பவுன் சுமார் 21,560 ரூபாய். அதே கணக்கை ஆண்டு முடிவுக்குப் போட்டால் சுமார் 23,220 ரூபாய். பவுனுக்கு 1,660 ரூபாய் கூடுதல்! செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. தனி.

டாலர் 64-லேயே நின்றிருந்தால் பவுன் 330 ரூபாய் குறைந்திருக்கும்.

இன்னொரு விஷயம். வரி விகிதம் மாறாமலே வரித் தொகையும் ஏறியது. ரூபாய் மதிப்பின் மேல்தானே வரி! கிராமுக்கு 267 ரூபாயாக இருந்த வரி 288 ஆனது.

மகள் கல்யாணத்துக்கு

ஐந்து பவுன் வாங்க 1,07,800 ரூபாய் சேர்த்த ஒரு குமாஸ்தா, "விலை இறங்கட்டும்" என்று ஆண்டு முழுக்கக் காத்திருந்தார் என்று வையுங்கள். டாலர் விலை இறங்கத்தான் செய்தது. ஆனால் கடையில் அவருக்கு 8,300 ரூபாய் துண்டு விழும். கையில் உள்ள பணத்துக்கு நாலே முக்கால் பவுன்கூட வராது. அதே நேரம் பழைய நகையை விற்க வந்தவருக்குக் கொண்டாட்டம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

அவுன்ஸ் விலை, டாலர் ரேட் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அவுன்ஸ் அசையாமல் டாலர் 1 சதவீதம் ஏறினால் பவுனும் ஏறக்குறைய 1 சதவீதம் ஏறும். அதற்கு மேல் ஏறினால், வரி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கடைக்காரரைக் கேளுங்கள்.

எப்போதும் இப்படி நடக்காது. டாலர் வலுக்கும்போது அவுன்ஸ் விலை சரிவதும் உண்டு. இரண்டும் சரிசமமானால் போர்டு ரேட் அசையாது. அவுன்ஸ் சரிவு பெரிதானால், ரூபாய் விழுந்தும் பவுன் இறங்கும்.