எந்த மேசையில் இருக்கிறது?

சிங்கப்பூரின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழகத் தொழிலாளர்களில் பலருக்கு ஊர்த் தாலுகா அலுவலகத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கும். அவர்களுக்கு விடுமுறை கிடைக்கும் அன்று அந்த அலுவலகம் பூட்டியிருக்கும். வார நாளில் அங்கே காலை 10 மணி என்றால் இங்கே பகல் 12.30. அப்போது அவர்கள் வேலைத்தளத்தில் நிற்பார்கள். ஆகவே மின்னஞ்சல்தான் அவர்களுக்கு அலுவலகத்தின் ஒரே சன்னல்.

தந்தை இறந்தபின் தேவைப்படும் வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். இ-சேவை வழியாகப் போடும் மனு கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை, வருவாய் ஆய்வாளரின் அறிக்கை என நகர்ந்து வட்டாட்சியரின் ஒப்புதலுக்குப் போகிறது. மனு எந்தப் படியில் நிற்கிறது என்பதை இணையத்தில் பார்க்கலாம். ஏன் நிற்கிறது என்பதுதான் அங்கே தெரியாது. கடிதம் கேட்க வேண்டியது அதைத்தான்.

குடும்பக் கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுதி, "விரைந்து நடவடிக்கை எடுங்கள்" என்று முடித்தால், "நடவடிக்கையில் உள்ளது" என்ற ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். கடிதம் இப்படி இருக்கட்டும்:

"பொருள்: வாரிசுச் சான்றிதழ், மனு எண் (…), நாள் 12.3.2025.

ஐயா, மேற்கண்ட மனு 2.4.2025 முதல் வருவாய் ஆய்வாளர் நிலையில் இருப்பதாக இணையதளம் காட்டுகிறது. ஆவணம் ஏதும் குறைந்தால் அதன் பெயரையும், குறையில்லையெனில் விசாரணை நாளையும் தெரிவிக்கக் கோருகிறேன். ஊரிலுள்ள என் தாயார் விசாரணைக்கு வருவார். ஒப்புகைச் சீட்டு இணைப்பில் உள்ளது."

இதற்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் எழுத முடியாது. ஓர் ஆவணத்தின் பெயரையோ ஒரு தேதியையோ சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி யாரையும் தேடவும் வேண்டாம். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ்.

பதிலே வராவிட்டால், இதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு உண்டு. ஆனால் 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. வேலை அனுமதியில் இருப்பவரும், இந்தியக் கடப்பிதழை விடாத நிரந்தரவாசியும் கேட்கலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற அண்ணன் கேட்க முடியாது. குடும்பத்தில் யார் பெயரில் மனு போடுவது என்று முடிவெடுக்கும்போதே இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனாலும் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் காகிதம் நகரும் என்ற நிலை நியாயமாகாது. மனு நின்ற காரணத்தையும், அடுத்து மனுதாரர் செய்ய வேண்டியதையும் இணையதளத்திலேயே எழுதுவதை அலுவலர்களின் கடமையாக்க வேண்டும். "விசாரணை அறிக்கைக்குக் காத்திருக்கிறது" என்று ஒரு வரி இருந்தால் போதும். அதைப் பார்த்த அன்றே மகன் ஊருக்குப் பேசுவான், மறுநாள் காலை தாய் கிராம நிர்வாக அலுவலர் முன் நிற்பார்.