கடைசிப் பக்கத்தை முதலில் படிப்போம்

நம்மில் பலரும் இடுபணித் தாளைக் கையில் வாங்கியதும் என்ன செய்கிறோம்? தலைப்பைப் பார்க்கிறோம், ஒப்படைக்கும் தேதியைப் பார்க்கிறோம், 'இன்னும் பத்து வாரம் இருக்கிறது' என்று மடித்துக் கோப்பில் வைத்துவிடுகிறோம். தாளின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை இருக்கும். புள்ளி எப்படிக் கொடுக்கப்படும் என்று சொல்லும் அந்த ரூப்ரிக்கைப் புள்ளி வந்த பிறகுதான், அதுவும் விரிவுரையாளரிடம் முறையிடப் போகும் வழியில்தான் படிக்கிறோம். நானும் அப்படிப் படித்தவன்தான். 57 புள்ளி வாங்கிய பிறகு படித்தேன்.

இந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதல்ல. பத்து காஜாவில் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது கட்டுரை என்றால் முன்னுரை, கருத்து, முடிவுரை. நன்றாக எழுதினால் ஆசிரியர் நல்ல புள்ளி போடுவார். எதற்கு எத்தனை என்று எங்களில் எவரும் கேட்டதில்லை. 2018இல் இடைநிலைப்பள்ளியில், படிவம் மூன்றின் பி.தி.3 மதிப்பீட்டிற்காக (அது 2022இல் கைவிடப்பட்டுவிட்டது) புவியியல் களஆய்வு ஒன்று செய்தோம். அட்டைப் படத்திற்கும் 'பெங்ஹார்காஆன்' என்ற நன்றியுரைப் பக்கத்திற்கும் நான் ஒரு சனி ஞாயிறு முழுவதும் செலவிட்டேன். அப்பா அம்மா தொடங்கி பள்ளி நூலகர் வரை அத்தனை பேருக்கும் நன்றி சொன்னேன். ஆய்வில் கண்டவற்றை அரைப் பக்கத்தில் முடித்தேன். அந்தப் பிள்ளைதான் மீசை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகம் வந்திருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் வந்த இடுபணி இதுதான்: சொந்த மாவட்டத்தில் ஒரு வரலாற்றுத் தடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மாற்றம் சுற்றுவட்டார மக்களின் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மதிப்பிட வேண்டும். குறைந்தது ஒருவரையாவது நேர்காண வேண்டும். 3,000 சொற்கள். பன்னிரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். எனக்குக் கொண்டாட்டம். எங்கள் ஊரிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில், செண்டெரோங்கில், பழைய ஈயக் கப்பல் நிற்கிறதே! 1938இல் கட்டப்பட்டது, ஏறக்குறைய 4,500 டன் எடை, 1982 வரை ஓடியது. சிறு வயதிலிருந்து பேருந்து சன்னலில் பார்த்து வளர்ந்த பொருள். அதில் வேலை செய்த தாத்தா ஒருவரையும் எனக்குத் தெரியும். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன், கப்பலில் சேர்ந்தவர்.

கப்பலின் வரலாற்றை 1,150 சொற்களில் எழுதினேன். கட்டியவர்கள் யார், மண்ணை எப்படி வாரியது, மிதவை எப்படித் தாங்கியது, எல்லாம் இருந்தது. முந்தைய ஆய்வுகளுக்கு 500 சொற்கள், ஆய்வு முறைக்கு 250, பகுப்பாய்வுக்கு 700, முடிவுக்கு 400. கணக்குச் சரி, 3,000. படித்துப் பார்த்த அறைத் தோழன்கூட 'நல்லா இருக்குடா' என்றான்.

இப்போது ரூப்ரிக்கைப் பாருங்கள். முன்னுரையும் நோக்கமும் 10. முந்தைய ஆய்வுகள் 20. ஆய்வு முறை 15. பகுப்பாய்வும் முடிவும் 35. மேற்கோள் நூல்கள் 10. மொழியும் அமைப்பும் 10. நான் உயிரைக் கொடுத்து எழுதிய வரலாறு முன்னுரை வரிசையில்தான் விழுந்தது. அங்கே 9 கிடைத்தது. 2,000 சொற்கள் எழுதியிருந்தாலும் 10க்கு மேல் கிடைத்திருக்காது. முந்தைய ஆய்வுகளில் 11, முறையில் 7, பகுப்பாய்வில் 35க்கு 16, மேற்கோளில் 6, மொழியில் 8. கூட்டினால் 57. விரிவுரையாளர் எனக்கு எந்த அநியாயமும் செய்யவில்லை. செய்யப்போவதை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அதன்படியே செய்தார்.

சொற்களைப் பங்கிடும் கணக்கு மிகவும் எளிது. மேற்கோளும் மொழியும் தனிப் பகுதிகள் அல்ல, எழுத்து முழுவதும் பரவிக் கிடப்பவை. அந்த 20 புள்ளியைத் தள்ளினால் மீதம் 80. 3,000 சொற்களை அந்த 80க்குப் பிரித்தால் முன்னுரைக்கு ஏறக்குறைய 375, முந்தைய ஆய்வுகளுக்கு 750, முறைக்கு 560, பகுப்பாய்வுக்கும் முடிவுக்கும் 1,310. இதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் 375 வரவேண்டிய இடத்தில் 1,150 வந்தால், எங்கோ நம் ஆசைக்காக எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். எழுதி முடித்த வரைவில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அது ரூப்ரிக்கின் எந்த வரிசைக்கு உரியது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். எனது அறிக்கையில் மூன்று பத்திகளுக்கு எந்த வரிசையும் கிடைக்கவில்லை.

ஆனால் சொற்கணக்கு மட்டும் என்னைக் காப்பாற்றியிருக்காது. கட்டங்களுக்குள் இருக்கும் வாக்கியங்களைப் படிக்க வேண்டும். அதிலும் 'சிறப்பு' என்ற கட்டத்தையும் அதற்குப் பக்கத்திலுள்ள 'நன்று' என்ற கட்டத்தையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பகுப்பாய்வு வரிசையில் 'நன்று' என்பது தகவல்களைக் கருப்பொருள் வாரியாக விளக்குதல். 'சிறப்பு' என்பது தகவல்களை முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டு, முரண்பாடுகளுக்குக் காரணம் கூறுதல். நான் விளக்கினேன். ஒப்பிடவே இல்லை.

ஒப்பிட ஏதாவது இருந்ததா என்றால், கண்ணெதிரே இருந்தது. தாத்தா என்னிடம், "ஈய விலை சரிஞ்சு போச்சுப்பா, அதான் கப்பல நிறுத்திட்டானுங்க" என்றார். நான் அதை அப்படியே உண்மையாக எழுதிவிட்டேன். ஆனால் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரித்து, இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது 1985 அக்டோபரில். கப்பல் நின்றது 1982இல். மூன்று ஆண்டு இடைவெளி. அப்படியானால் தாத்தா சொன்னது தவறா? 1985க்குப் பின் கிந்தாவில் மற்ற சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டதையும் அவர் பார்த்திருக்கிறார். இரண்டும் அவர் நினைவில் ஒன்றாகியிருக்கலாம். அல்லது 1982லேயே ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், வேலை செய்தவர்களுக்குச் சரிவு அப்போதே தொடங்கியதாகத் தோன்றியிருக்கலாம். இந்த ஒரு பத்திதான் அந்தக் கட்டம் கேட்டது. கையில் இருந்த பொன்னைச் சரளைக் கல் என்று நினைத்துக் கொட்டிவிட்டேன்.

இன்னொன்று. நம் பாடத் திட்டங்களில் C4, C5 என்று குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புளூமின் அறிவுநிலைப் பகுப்பிலிருந்து வந்தவை. 1956இல் வந்த முதல் வடிவத்தில் ஐந்தாம் நிலை தொகுத்தல், ஆறாம் நிலை மதிப்பிடுதல். 2001இல் திருத்தியபோது மதிப்பிடுதல் ஐந்துக்கு வந்தது, படைத்தல் ஆறானது. எனது தாளில் C5 என்றிருந்தது. நான் பழைய குறிப்பேட்டைப் பார்த்து, தொகுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். கேள்வியிலேயே 'மதிப்பிடுக' என்ற சொல் இருந்தது. 'நீலாய்கான்' என்று மலாயில் படித்தபோது அது எனக்கு நீலாய் பட்டணத்தைத்தான் நினைவூட்டியது போலும்! எண்ணும் வினைச்சொல்லும் ஒத்துப்போகின்றனவா என்ற சந்தேகத்தை இரண்டாம் வாரத்திலேயே விரிவுரையாளரிடம் கேட்டிருக்கலாம். அப்போது கேட்டால் அது கேள்வி. பதினோராம் வாரத்தில் கேட்டால் புலம்பல்.

அடுத்தது நேரம். மலேசியத் தகுதி முகமையின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் என்றால் விரிவுரை, தேர்வு எல்லாம் சேர்த்து 120 மணி நேரம். இதில் இடுபணிக்கு எவ்வளவு என்பது பாட வரைவின் அட்டவணையில் இருக்கும். எனது பாடத்தில் 30 மணி நேரம் என்று போட்டிருந்தது. அந்த முப்பதை நான் இப்போது பங்கிட்டால் இப்படி வரும்: வாசிப்புக்கும் முந்தைய ஆய்வுகளுக்கும் 7, நேர்காணலுக்கு 2, அதைக் கேட்டு எழுதுவதற்கு 7, பகுப்பாய்வுக்கு 8, முறைக்கு 2, முன்னுரைக்கு ஒன்றரை, மேற்கோளுக்கும் மொழிக்கும் இரண்டரை. கேட்டு எழுதுவதற்கு ஏழா என்று திகைக்க வேண்டாம். தாத்தா பேசியது ஒன்றரை மணி நேரம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது வேண்டும். பல் போன வாயும் பின்னால் ஓடும் தொலைக்காட்சியும் இருந்தால் இன்னும் கூடும். இந்த ஏழு மணி நேரத்திற்கு ரூப்ரிக்கில் தனியாக ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் இது இல்லாமல் 35 புள்ளிக்கான பகுதியை எழுதவே முடியாது.

ஆகவே, புள்ளியை வைத்துச் சொற்களைப் பங்கிடலாம், தேதிகளைப் பங்கிட முடியாது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை வைத்துத்தான் தேதி குறிக்க வேண்டும், அதையும் பின்னோக்கி எண்ண வேண்டும். பன்னிரண்டாம் வாரம் ஒப்படைப்பு. அதற்கு முந்தைய இரண்டு வாரம் பகுப்பாய்வு எழுத. எட்டு, ஒன்பதில் கேட்டு எழுதுதல். நான் ஊருக்குப் போவது ஏழாம் வாரம் முடிந்து வரும் பருவ விடுமுறையில், நேர்காணல் அப்போதுதான் முடியும். அதற்கு ஒப்புதல் கடிதத்தில் விரிவுரையாளரின் கையொப்பம் வேண்டும், ஒரு வாரம் ஆகும். என்ன கேள்வி கேட்பது என்று தெரிய முந்தைய ஆய்வுகளை ஐந்தாம் வாரத்திற்குள் படித்திருக்க வேண்டும். படித்திருந்தால் 1982, 1985 என்ற இரண்டு ஆண்டுகளும் என் மனத்தில் இருந்திருக்கும். தாத்தாவிடம் அங்கேயே கேட்டிருப்பேன். நானோ பத்தாம் வாரம் அவசரமாக இரயில் ஏறினேன். ஒப்புதல் கடிதமும் பிறகுதான் வந்தது. அதற்குப் புள்ளி இல்லை, ஆனால் பின்னிணைப்பில் அது இல்லாவிட்டால் அறிக்கையையே ஏற்க மாட்டோம் என்று இடுபணித் தாளின் ஆறாவது வரியில் இருந்தது. இப்படிப் புள்ளியற்ற கட்டாயங்கள் ரூப்ரிக்கில் இருக்காது, இடுபணித் தாளில்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ரூப்ரிக்கைப் பார்த்து எழுதுவது புள்ளிக்கு அலைவது, உண்மையான ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். தாத்தா சங்கிலி ஓசையை வாயாலேயே செய்து காட்டி, "இந்தச் சத்தம் நின்ன ராத்திரி எனக்குத் தூக்கமே வரல" என்று சொன்னதற்கு எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை. ஆனால் என் ஆர்வம் போன போக்கில் எழுதிய அறிக்கையில் மட்டும் அதற்கு இடம் இருந்ததா? இல்லை. இயந்திரத்திற்கு 1,150 சொற்கள் போனது. ஒன்றரை மணி நேரம் எனக்காக உட்கார்ந்து பேசிய மனிதருக்கு ஒரே ஒரு பத்தி கிடைத்தது. கட்டத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அவருக்கு நான்கு பக்கமாவது கிடைத்திருக்கும்.

"எழுதி முடிச்சதும் எனக்கு ஒன்னு கொண்டாந்து குடுப்பா, பேரப் பிள்ளைங்க படிக்கட்டும்" என்று கேட்டிருந்தார். இன்னும் கொடுக்கவில்லை. வரும் விடுமுறையில் கப்பலின் எடையையெல்லாம் வெட்டிவிட்டு, அந்த 1985 பத்தியை எழுதிச் சேர்த்து, தூக்கம் வராத இரவையும் போட்டு, எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். போகும்போது விலை சரிந்தது எந்த வருடம் என்று இன்னொரு முறை கேட்க வேண்டும்.