திர்ஹாமில் வரும் சம்பளம், டாலரில் வரும் ரசீது

அறந்தாங்கியிலிருந்து வந்த தங்கச்சி நோட்டை நீட்டினாள். மகள் ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கிறாள், வீட்டுக்காரருக்கு துபாயில் வேலை. "கட்டணம் ஏறலண்ணே, ஆனா வருஷா வருஷம் கூடக் கேக்குது" என்றாள்.

கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2024 தொடக்கத்தில் டாலர் சுமார் 83 ரூபாய், அப்போது 4,15,000. 2025 டிசம்பரில் டாலர் 90ஐத் தாண்டியது. 90க்கே போட்டாலும் 4,50,000. ஏஜென்ட் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஆறு வருஷத்துக்கும் ஒரே ரூபாய்த் தொகை. கோளாறு அங்கேதான்.

ஆனால் இந்த வீட்டில் அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. அவர் திர்ஹாமை ரூபாயாக்கி ஊருக்கு அனுப்புகிறார். இவள் புதுக்கோட்டை வங்கியில் அதே ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்கிக் கட்டுகிறாள். சந்தை விலை 90 என்றால், வரும்போது டாலருக்கு 89.50 கணக்கில் கிடைக்கும்; போகும்போது வங்கி 91.50 கேட்கும். டாலருக்கு இரண்டு ரூபாய் வழியிலேயே கரைகிறது, 5,000 டாலருக்குப் பத்தாயிரம். கமிஷன் தனி. நானே முப்பது வருஷம் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்து இந்த விலையைச் சொன்னவன்தான்.

1997லிருந்து அமீரக திர்ஹாம் டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது. துபாய் எக்ஸ்சேஞ்சில் லாபம் சேர்த்து 3.68 என்றாலும் 18,400 திர்ஹாம். ரூபாய் எவ்வளவு சரிந்தாலும் அந்தத் தொகை அசையாது. கட்டணத்தை அவரே அங்கிருந்து கல்லூரிக் கணக்குக்கு அனுப்பட்டும், வீட்டுச் செலவு மட்டும் ஊருக்கு வரட்டும் என்றேன். சவூதி ரியாலும் டாலருக்கு 3.75 என்று நிற்பதுதான். சிங்கப்பூர் வெள்ளிக்கு இந்த யோகம் இல்லை, அது மிதக்கிற பணம்.

அனுப்பும்போது இரண்டு கவனம். மகள் பெயரும் மாணவர் எண்ணும் குறிப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். இடைவங்கிக் கட்டணத்தையும் நாமே ஏற்பதாக OUR என்று குறிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வழியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மிச்சம்தான் போய்ச் சேரும். கல்லூரி பாக்கி என்று எழுதும். போன வருஷம் அபராதம் வந்தது அப்படித்தான்.

அடுத்த வருஷக் கட்டணத்துக்குச் சேர்ப்பதை எஃப்சிஎன்ஆர் டாலர் வைப்பில் போடலாம். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், முன்னதாக உடைத்தால் வட்டி கிடையாது.

"சாப்பாட்டுச் செலவு?" என்றாள். அது லாரியில். லாரி எதிலும் கட்டப்படவில்லை, அந்தப் பத்தியை மட்டும் பென்சிலில் எழுதச் சொன்னேன். அவள் நோட்டைத் திருப்பி, ரூபாய் என்றிருந்த தலைப்பை அடித்துவிட்டு திர்ஹாம் என்று எழுதினாள்.