லாச்சிக்குள் தூங்கும் வெளிநாட்டுக் காசு

நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்குத் துணி எடுக்க பேங்கொக் போய் வந்த ஓர் இளம் வியாபாரி, திரும்பிய மறுநாள் எனது கடைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே 13,000 தாய்லாந்து பாத் இருந்தது.

"நானா, நீங்க அடுத்த மாசம் போறீங்க தானே. இத வெச்சுக்கோங்க. காசு அடுத்த கிழமை தந்தாப் போதும்" என்றார்.

நான் வாங்கவில்லை. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. உதவி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியதாகவே அவர் நினைத்தார். ஏன் வாங்கவில்லை என்பதையும், அந்த 13,000 பாத் அவருக்கு எவ்வளவு நட்டம் வைத்தது என்பதையும் அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கு நம்மில் பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நாணய விலைகள் நாளுக்கு நாள் மாறுபவை. கீழே உள்ள விலைகளைக் கணக்கு விளங்குவதற்கான உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேங்கொக்கில் பிரதுநாம், போபே போன்ற மொத்தச் சந்தைகளில் காசு கொடுத்துத்தான் பெரும்பாலும் சரக்கு எடுக்கிறோம். அதற்குப் பாத் வேண்டும். பாத்தைக் கொழும்பிலேயே வாங்கலாம். இல்லாவிட்டால் இங்கே டொலர் வாங்கி, அங்கே போய் பாத்தாக மாற்றலாம். இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நட்டம் என்று நினைத்துப் பலர் பாத்தையே இங்கு வாங்கிவிடுகிறார்கள். கேட்பதற்கு அது சரி போலத்தான் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். கொழும்பில் ஒரு டொலரை 305 ரூபாவுக்கு விற்கிறார்கள். 3,200 டொலர் வாங்க 976,000 ரூபா போகும். பேங்கொக்கில் நூறு டொலர் நோட்டுக்கு ஒரு டொலருக்கு 32.50 பாத் தருகிறார்கள் என்றால் 104,000 பாத் கையில் வரும். அதே 104,000 பாத்தைக் கொழும்பில் ஒரு பாத் 9.75 ரூபா வீதம் வாங்கினால் 1,014,000 ரூபா. வித்தியாசம் 38,000 ரூபா. ஒரே பணத்துக்கு, ஒரே பயணத்துக்கு.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டொலர் கொழும்பில் நாள் முழுதும் கைமாறும் நாணயம். பாத் அப்படியல்ல. அதை வாங்கி வைக்கும் கடைக்காரர் அடுத்த ஆள் கேட்டு வரும் வரை முதலைப் பூட்டி வைக்கிறார். விலை இறங்கினால் நட்டம் அவருக்கு. ஆகவே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் பெரிய இடைவெளி வைக்கிறார். நமது கடையில் மெதுவாக ஓடும் சரக்குக்கு நாம் என்ன செய்கிறோமோ அதையேதான் அவரும் செய்கிறார். எனவே விலை கேட்கும்போது "இன்றைக்கு என்ன விலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் கேளுங்கள். இடைவெளி எவ்வளவு பெரியதோ, மிஞ்சிய காசைத் திருப்பிக் கொண்டுவரும்போது அடியும் அவ்வளவு பெரியது.

உம்றாவுக்குப் போகிறவர்கள் இதே முடிவை அப்படியே ரியாலுக்கு எடுத்துவிடக் கூடாது. ரியாலுக்கு இங்கு கேள்வி அதிகம், இடைவெளி சிறியதாக இருக்கலாம். அதைப் பார்ப்பதற்கு இலேசான வழி ஒன்று உண்டு. ரியால், டொலருக்கு 3.75 என்று நிலையாகக் கட்டப்பட்ட நாணயம். டொலர் விற்கும் விலையை 3.75 ஆல் பிரியுங்கள். 305 ஐப் பிரித்தால் 81.33 வரும். கொழும்பில் ரியால் அதற்கு அண்மித்த விலையில் கிடைத்தால் இங்கேயே வாங்கலாம். அதைவிட இரண்டு மூன்று ரூபா கூடச் சொன்னால் டொலராகக் கொண்டு போவது நல்லது.

டொலர் வாங்கும்போது நோட்டைப் பார்த்து வாங்குங்கள். பேங்கொக் நாணயமாற்றுக் கடைகளில் விலைப் பலகையைப் பார்த்தால் நூறு டொலர் நோட்டுக்கு ஒரு விலையும், இருபது, பத்து நோட்டுகளுக்குக் குறைந்த விலையும், ஒரு டொலர் நோட்டுக்கு இன்னும் குறைந்த விலையும் இருக்கும். 600 டொலரை இருபது டொலர் நோட்டுகளாகக் கொண்டுபோய் ஒரு டொலருக்கு ஒரு பாத் குறைவாக மாற்றினால் 600 பாத் போய்விடும். நமது கணக்கில் அது 5,600 ரூபாவுக்கு மேல். கிழிந்த நோட்டு, பேனையால் எழுதிய நோட்டு, முத்திரை குத்திய நோட்டு, மிகப் பழைய நோட்டு ஆகியவற்றை அங்கே தள்ளிவிடுவார்கள். அவற்றைக் கொழும்புக் கவுண்டரிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சொல்ல ஆள் இல்லை.

இனி மிஞ்சிய காசுக்கு வருவோம். நமது இளம் வியாபாரி சரியாகத்தான் டொலர் கொண்டு போனார். ஆனால் போன அன்றே 3,200 டொலரையும் மொத்தமாகப் பாத்தாக மாற்றிவிட்டார். எதிர்பார்த்த ஒரு துணி வகை கிடைக்கவில்லை. 13,000 பாத் மிஞ்சியது. அதாவது 400 டொலர், அவர் கொடுத்த விலையில் 122,000 ரூபா.

அதைக் கொழும்பில் விற்கப் போனால் பாத்தை 8.60 க்குத்தான் எடுப்பார்கள். 111,800 ரூபா கிடைக்கும். நட்டம் 10,200. பேங்கொக்கிலேயே திரும்ப டொலராக்கியிருந்தால், ஒரு டொலருக்கு 32.80 பாத் கொடுத்து ஏறத்தாழ 396 டொலர் வாங்கியிருக்கலாம். அதைக் கொழும்பில் 298 க்கு விற்றால் சுமார் 118,000. நட்டம் 4,000. அந்த 400 டொலரை முதலிலேயே மாற்றாமல் வைத்திருந்தால், கொழும்பில் 298 வீதம் 119,200. நட்டம் 2,800 மட்டும். அடுத்த பயணத்துக்கென டொலராகவே வைத்துக்கொண்டால் அந்த நட்டமும் உடனடியாக இல்லை.

ஆகவே நான் செய்வது இதுதான். முதல் நாள் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக மாற்றுவேன். மிச்சத்தைச் சரக்கு பேசி முடித்த பிறகு, தேவையான அளவுக்கு மட்டும் மாற்றுவேன். விமான நிலையத்தில் பொதிகள் எடுக்கும் இடத்துக் கவுண்டரில் வாகனக் கூலிக்கு மட்டும் மாற்றினால் போதும். சுவர்ணபூமி விமான நிலையத்தில் ரயில் ஏறும் கீழ்த்தளத்தில் உள்ள கடைகளிலும், பிரதுநாம் பகுதியிலும் நல்ல விலை கிடைக்கும். குற்றிக் காசைக் கடைசிச் சாப்பாட்டில் முடித்துவிடுங்கள். அதை இங்கு எந்த நாணயமாற்றுக் கடையும் எடுக்காது.

பயண காட் பற்றியும் கேட்கிறார்கள். களவு போகும் பயம் குறைவு என்பது உண்மை. ஆனால் டொலர் ஏற்றிய காட்டைக் கொண்டு தாய்லாந்து ஏ.ரி.எம் இயந்திரத்தில் காசு எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாத் அல்லது அதற்கு மேலும் அந்நாட்டு வங்கி அறவிடுகிறது. அதற்கு மேல் டொலரைப் பாத்தாக மாற்றும் கழிவும், நமது வங்கியின் கட்டணமும் சேரும். சிறிது சிறிதாக எடுப்பவருக்கு இது கட்டாது. ஹோட்டல், கடைகளில் காட் போடும்போது ரூபாவிலா பாத்திலா என்று இயந்திரம் கேட்டால், பாத் என்றே சொல்லுங்கள். ரூபா என்று சொன்னால் அந்தக் கடைக்காரரின் பக்கத்து வங்கி தான் விரும்பிய விலையைப் போடும். ஹோட்டல் முற்பணமாகத் தடுத்து வைத்த தொகை, நீங்கள் ஊர் திரும்பிச் சில நாட்களுக்குப் பிறகுதான் காட்டில் விடுபடும். காட்டில் மிஞ்சியதை ரூபாவாக எடுப்பதற்குரிய விலையையும் கட்டணத்தையும் காட் வாங்கும் அன்றே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். கிரெடிட் காட்டில் ஏ.ரி.எம் காசு எடுப்பதை நமது வியாபாரிகள் அடியோடு தவிர்க்க வேண்டும். பொருள் வாங்கியதற்குத் தரும் தவணை நாட்கள் அதற்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

இனி, அந்த உறையை நான் ஏன் வாங்கவில்லை என்பதற்கு வருகிறேன். ஒரு நாணயத்தை இன்னொரு நாணயத்துக்கு மாற்றும்போது விலை கூடலாம், குறையலாம். ஆனால் இரண்டு பக்கமும் அந்த இடத்திலேயே கைமாற வேண்டும் என்பது மார்க்கத்தின் நிபந்தனை. பாத்தை இன்று வாங்கி, ரூபாவை அடுத்த கிழமை கொடுப்பது அந்த நிபந்தனையை முறிக்கிறது. துணியைக் கடனுக்குக் கொடுப்பது போன்றதல்ல இது. அடுத்தது நாட்டுச் சட்டம். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், அனுமதி பெற்ற வங்கியும் நாணயமாற்று நிறுவனமும்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். இருவரும் நல்ல மனிதர்கள் என்பது பரிசோதகருக்கு முன்னால் ஒரு பதிலாகாது. ஒருவர் கையில் வைத்திருக்கக் கூடிய வெளிநாட்டு நாணயத்துக்கும் எல்லை உண்டு. 2022 இல் அந்த எல்லையை 15,000 டொலரிலிருந்து 10,000 டொலராகக் குறைத்தார்கள். காசு வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர் எங்கும் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம்.

கடைசியாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, இந்தக் காசு யாருடையது?" அவர் மைத்துனருடன் கூட்டாகக் கடை நடத்துபவர். போனதும் கூட்டு முதலில்தான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடையுடையது தான்" என்றார். ஆனால் கணக்குப் புத்தகத்தில் 976,000 ரூபாவும் சரக்குச் செலவாகவே எழுதப்பட்டிருந்தது.

இங்கேதான் கூட்டு வியாபாரங்கள் மெல்லக் கசக்கத் தொடங்குகின்றன. மிஞ்சிய 122,000 ரூபாவும் சரக்கின் விலையோடு சேர்ந்துவிட்டதால் ஒவ்வொரு துணியின் அடக்க விலையும் பிழையாக ஏறிவிட்டது. மைத்துனருக்கு அந்த உறை இருப்பதே தெரியாது. நாளைக்குப் பாத் விலை ஏறினால் அந்த இலாபம் யாருக்கு? இறங்கினால் நட்டம் யாருக்கு? 2022 மார்ச்சுக்குப் பிறகு சில கிழமைகளில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம். அந்த நாட்களில் லாச்சிக்குள் கிடந்த நோட்டுகளை வைத்து எத்தனை பங்காளிகள் மனம் கசந்தார்கள் என்பது நமது தெருவுக்குத் தெரியும்.

மிஞ்சிய காசைக் கடையின் பெயரில், வாங்கிய விலையிலேயே தனி வரியாக எழுதி, பங்காளியிடம் எண்ணிக் காட்டுங்கள். விற்றால் வரும் இலாபமும் நட்டமும் கடைக்கு. ஸக்காத் கணக்குப் பார்க்கும் நாளில் அந்த உறையையும் எடுத்து, அன்றைய விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். லாச்சிக்குள் தூங்கினாலும் அது காசுதான்.

அந்தத் தம்பி அன்றே உறையை எடுத்துக்கொண்டு அனுமதி பெற்ற கடைக்குப் போய் மாற்றினார். பற்றுச்சீட்டோடு ரூபாவைக் கடையில் வைத்து, நட்டத்தையும் புத்தகத்தில் எழுதினார். நட்டத்தைக் கேட்ட மைத்துனர் என்ன சொன்னார் என்று விசாரித்தேன். "சிரிச்சார் நானா. அடுத்த முறை பாதிய மாத்துங்க என்றார்" என்றார்.